ஆடித் தள்ளுபடியில் ஒரு கைக்கடிகாரம்

திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு கைக்கடிகாரக் கடையில் ஒன்பது வருடம் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியை ஒட்டி ஒரு மாடிப் போர்ஷன். காலையில் சமைத்து வைத்துவிட்டு, பஸ் பிடித்து, காவேரிப் பாலத்தில் காற்று வாங்கிக்கொண்டு கடைக்குப் போவேன். இதைச் சொல்லக் காரணம், நான் பேயையும் பில்லி சூனியத்தையும் பெரிதாக நினைக்கிறவள் இல்லை என்பதுதான். அரிசி விலையும் பஸ் நேரமும்தான் என் கவலை. அப்படிப்பட்ட நானே அந்த மூன்று மாதங்களை நினைத்தால் இப்போதும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

கடையின் முன்பகுதியில் எல்லோருக்கும் ஏற்ற கடிகாரங்கள் இருக்கும். ஆயிரம், இரண்டாயிரம், கொஞ்சம் கூடினால் பத்தாயிரம். பின்னால் ஒரு சின்ன ஏசி அறை. தரையில் கம்பளம், இரண்டே நாற்காலி, ஒரு கண்ணாடி மேசை. அங்கே ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கடிகாரங்கள் மட்டும். மூன்றாவது வருடத்திலிருந்து அந்த அறை என் பொறுப்பு.

அதில் ஒரு மாடல். எஃகு உடம்பு, கறுப்பு முகம், தங்க நிற முட்கள். பேட்டரி கிடையாது. கட்டியிருப்பவரின் கையசைவிலேயே உள்ளே சுருள் முறுக்கேறி ஓடும். கழற்றி வைத்தால் இரண்டு நாளைக்குள் நின்றுவிடும். நான் சேர்ந்த புதிதில் அதன் விலை தொண்ணூறாயிரம். ஒன்றரை வருடம் ஒரே இடத்தில் கிடந்தது. வருகிறவர்கள் பார்ப்பார்கள், "நல்லா இருக்கு" என்பார்கள், போய்விடுவார்கள்.

பிறகு அந்தக் கம்பெனி தன் போக்கை மாற்றிக்கொண்டது. இந்தியாவில் பாதிக் கடைகளுக்குச் சரக்கு கொடுப்பதை நிறுத்தியது. எங்களுக்கு வருடத்துக்கு இத்தனைதான் என்று எண்ணிக் கொடுத்தது. விலையை ஒரே மூச்சில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆக்கியது. இனி இதை யார் வாங்குவார்கள் என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் நான்கு விற்றுப்போனது.

கடையின் மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பாலக்கரைக்காரர். முப்பது வருடமாகக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர். பழைய விலைக் கடிகாரம் ஒன்றையும் புது விலைக் கடிகாரம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்து காட்டினார்.

"நல்லா பாத்துக்கம்மா. ஒரு ஸ்குரு கூட மாத்தல. அதே மிஷினு."

"அப்புறம் எதுக்கு பாய் இப்ப மட்டும் வாங்குறாங்க?"

"நேரம் பாக்க வாங்குனா முன்னாடி ஷோகேஸ்ல ரெண்டாயிரம் ரூபா பேட்டரி வாட்ச் இருக்கு. இதைவிட அதுதான் கரெக்டா ஓடும். இவங்க வாங்குறது வேற."

அது என்ன என்பதை எனக்கு விளங்க வைத்தவர் ஒரு ஆடிட்டர். ஸ்ரீரங்கத்துக்காரர், கோயில் கைங்கரியங்களில் முன்னால் நிற்கிறவர், தில்லைநகரில் பெரிய அலுவலகம். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை. இடது கை சட்டையை மட்டும் ஒரு மடிப்பு மேலே ஏற்றி விட்டிருப்பார், கடிகாரம் தெரிய. ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு முதலில் வாங்கியவர் அவர்தான். கம்பெனி வருடா வருடம் விலையை ஏற்றும். ஏற்றிய வாரமே வந்துவிடுவார். நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இப்போ என்ன விலை சொல்றேள்?"

"ஒண்ணு எழுபத்தஞ்சு சார்." அடுத்த வருடம், "ஒண்ணு தொண்ணூறு சார்."

முகம் விளக்கு ஏற்றியது போல ஆகிவிடும். ஒருமுறை துணிந்து கேட்டேன். "நீங்கதான் வாங்கிட்டீங்களே சார். ஏறினா உங்களுக்கு என்ன? விக்கப் போறீங்களா?"

"சேச்சே, விக்கறதாவது! நான் என்ன கொடுத்து வாங்கினேன்னு யாருக்குத் தெரியும்? சபையில என் கையைப் பார்க்கறவன் இன்னிக்கு விலையைத்தானே நினைச்சுப்பான்? ஒவ்வொரு வருஷமும் நான் சும்மா உக்காந்துண்டே ஒரு படி ஏறறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்போது எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

அந்த வருடம் கடையில் வியாபாரம் மந்தம். முன்பகுதியில் கூட்டமே இல்லை, எல்லோரும் போனில் நேரம் பார்க்கப் பழகிவிட்டார்கள். உள்ளறையில் அந்தக் கறுப்பு முகக் கடிகாரம் ஐந்து கையிருப்பு. முதலாளியின் மருமகன் புதிதாகக் கடைக்கு வர ஆரம்பித்திருந்தார். அவர் கொடுத்த யோசனைதான் ஆடித் தள்ளுபடி.

"ஊரே ஆடிக்குத் தள்ளுபடி போடுது மாமா. நாமளும் முப்பது பர்சன்ட் போட்டா அஞ்சும் பத்து நாள்ல போயிடும்."

முதலாளி அரைமனதாகத் தலையாட்டினார். மறுநாள் வாசலில் மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தில் பேனர் ஏறியது. உள்ளறைக் கடிகாரத்தின் படம் அதில் சோற்றுப் பானை அளவுக்கு. பழைய விலை மேல் குறுக்குக் கோடு. கீழே ஒரு லட்சத்து முப்பத்துமூன்றாயிரம்.

ஆட்கள் வந்தார்கள், ஆனால் வாங்குகிற ஆட்கள் இல்லை. ஷோகேஸ் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ?" என்று போனவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு முப்பது சதவீதம் குறைந்தாலும் அது எட்டாத விலை. எட்டுகிறவர்களோ பேனரைப் பார்த்ததும் உள்ளே வரவே இல்லை. தஞ்சாவூர் ரோட்டில் மருத்துவமனை வைத்திருக்கும் ஒரு டாக்டர் இரண்டு மாதமாக வாங்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். அவருக்குப் போன் செய்து தள்ளுபடியைச் சொன்னேன். எத்தனை பர்சன்ட் என்று மட்டும் கேட்டார். பிறகு, "வேணாம்மா" என்று வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். நல்ல வெயில். உள்ளறைக் கண்ணாடிக் கதவு வழியாக வாசல் தெரியும். ஆடிட்டர் பேனருக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். காரை விட்டு இறங்கி, அண்ணாந்து அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே வருவார் என்று தண்ணீர் எடுத்து வைத்தேன். வரவில்லை. பத்து நிமிடம், கால்மணி நேரம், ஆடாமல் அசையாமல். மஞ்சள் துணியின் நிழல் அவர் முகத்தில் விழுந்து அந்த முகம் மஞ்சள் காமாலை வந்தவர் முகம் போல இருந்தது. நான் எழுந்து கதவைத் திறந்தபோது இடது கைச் சட்டை மடிப்பைப் பிரித்து மணிக்கட்டு மறைய இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். தெரிந்தவர் பார்வை இல்லை அது. காரில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. கடிகாரத்தைக் கழற்றி, காதருகே கொண்டுபோய், கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கண்ணாடி மேசையில் முகம் குப்புற வைத்தார்.

"கொஞ்சம் மெதுவா ஓடறது. பாருங்கோ."

"எத்தனை நிமிஷம் சார் பின்தங்குது?"

"தெரியல. மெதுவா ஓடறது."

ரசீது எழுதிக் கொடுத்து பாயிடம் கொண்டுபோனேன். அவரிடம் ஒரு சோதனை மிஷின் உண்டு. கடிகாரத்தைப் பொருத்தினால் அதன் துடிப்பைக் கேட்டு ஒரு நாளைக்கு எத்தனை வினாடி முந்துகிறது, பிந்துகிறது என்று காட்டிவிடும். மல்லாத்தி வைத்தார், குப்புற வைத்தார், பக்கவாட்டில் வைத்தார்.

"மூணு செகண்டு முந்துதும்மா. லேட்டே இல்ல."

ஆடிட்டருக்குப் போன் செய்து, "சரியா ஓடுது சார், வந்து வாங்கிக்கலாம்" என்றேன். "இல்ல, மெதுவா ஓடறது" என்றார். வைத்துவிட்டார்.

அந்த வாரமே லால்குடி பக்கத்து ரைஸ் மில்காரர் வந்தார். அவருக்கும் ஆடிட்டருக்கும் அறிமுகமே கிடையாது. எந்த விசேஷத்திலும் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் இல்லை. அவரும் கடிகாரத்தைக் கழற்றினார். காதருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். மேசையில் குப்புற வைத்தார்.

"கொஞ்சம் மெதுவா ஓடுதுங்க."

அப்போது எனக்கு முதல் முறையாக முதுகில் ஏதோ ஊர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு ஒப்பந்தக்காரர். அதற்கடுத்து நகைக்கடை முதலாளியின் மனைவி. பிறகு கல்லூரி நடத்துகிற ஒருவர். ஆடி முடிவதற்குள் ஏழு பேர். ஏழு பேரும் அதே மாதிரி காதருகே, அதே மாதிரி கண்ணை மூடி, அதே மாதிரி குப்புற. வார்த்தை கூட மாறவில்லை. ஒருவர்கூட எத்தனை நிமிடம் என்று சொல்லவில்லை. ஒருவர்கூடத் திரும்ப வாங்க வரவில்லை. பாய் ஏழையும் மிஷினில் வைத்தார். எதிலும் குற்றம் இல்லை.

அவருடைய மேசையில் கண்ணாடி மூடி போட்ட ஒரு டிராயர். அதில் வரிசையாக வைத்தோம். கையில் இல்லாததால் ஒவ்வொன்றும் இரண்டு நாளில் நின்றது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில். காலையில் கடையைத் திறந்து விளக்கைப் போட்டதும் அந்த ஏழு கறுப்பு முகங்களும் என்னைப் பார்க்கும். ஒன்று எட்டு நாற்பது, ஒன்று பன்னிரண்டு ஐந்து, ஒன்று மூன்று மணி. பாயிடம், "முறுக்கிவிட்டு ஓட விடுங்களேன்" என்றேன்.

"வேணாம்மா" என்றார். "அவங்க வந்து கேக்கட்டும்." டிராயர் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். எப்போதும் சிரித்துப் பேசுகிறவர் அன்று சிரிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உள்ளறையில் நிற்கிறவள் கையில் அந்தக் கம்பெனிக் கடிகாரம் இருக்க வேண்டும் என்று முதலாளி அதே மாடலில் பெண்கள் அளவில் ஒன்றை எனக்குக் கட்டிக்கொள்ளக் கொடுத்திருந்தார். கடையுடையதுதான், ஆனால் வீட்டுக்கும் கட்டிப் போகலாம். பஸ்ஸில் அதை யாரும் கவனிப்பதில்லை. என் நாத்தனார் மட்டும் எங்கோ விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, அன்று முதல் எனக்குத் தனியாகத் தட்டில் பலகாரம் வைத்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். அதில் எனக்கும் கொஞ்சம் பெருமை இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆடி பிறந்த பிறகு அவள் ஒருநாள், "அண்ணி, உங்க வாட்ச்தானே பேனர்ல? முப்பது பர்சன்ட்டாமே" என்றாள். தட்டு வரவில்லை, சம்புடத்தை அப்படியே தள்ளி வைத்தாள்.

அதற்கடுத்த வாரத்தில் இரண்டு முறை பஸ்ஸை விட்டேன். கடிகாரத்தைப் பார்த்துத்தான் கிளம்பினேன். பாலத்தில் பஸ் போகும்போது என்னை அறியாமல் கை காதருகே போனது. கண்ணை மூடினேன். தூரத்தில் யாரோ களைத்துப் போய்ப் படியேறுவது போல ஒரு சத்தம். மெதுவாகத்தான் ஓடியது. சத்தியமாக மெதுவாகத்தான் ஓடியது.

பாய் மிஷினில் வைத்தார். "ரெண்டு செகண்டு முந்துது" என்றார். என் முகத்தைப் பார்த்தார். "நீயுமாம்மா?"

கடிகாரத்தை வாங்கித் திரும்பக் கட்டிக்கொண்டேன்.

ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். ஸ்ரீரங்கத்திலேயே மண்டபம். காலை டிபன் முடிந்து உறவினர்கள் மண்டபத்தில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். முகூர்த்தம் பத்தரைக்கு. மண்டபக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், ஆடிட்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். முதல் வரிசையில் உட்காருகிறவர், வருகிறவர் போகிறவர் எல்லாம் குனிந்து நமஸ்காரம் சொல்கிறவர். அன்று யாரும் அவரைத் தாண்டிப் போனபோது நின்றதாகத் தெரியவில்லை. அவர்களாக ஒதுக்கினார்களா, இவர் போய் ஒளிந்துகொண்டாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் இருக்கும். இளைத்திருந்தார். இடது மணிக்கட்டில் கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெளுத்து, வட்டமாக, பட்டையாக, ஒரு கடிகாரத்தின் நிழல் போலத் தெரிந்தது.

பக்கத்தில் போய், "நல்லா இருக்கீங்களா சார்?" என்றேன். தலையாட்டினார். பேச்சை நீட்டுவதற்காக, "முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்குல்ல சார்?" என்றேன்.

வெறும் கையைத் தூக்கினார். அந்த வெளுத்த வட்டத்தைக் குனிந்து பார்த்தார். நிதானமாக, படிக்கிறவர் போல.

"நாலு பத்து ஆறதே. முகூர்த்தமெல்லாம் எப்பவோ முடிஞ்சிருக்குமே" என்றார்.

மண்டபச் சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது இருபத்தைந்து. நாதஸ்வரக்காரர் அப்போதுதான் சீவாளியைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் கடைக்குப் போனதும் பையைக்கூட வைக்காமல் பாய் மேசைக்குப் போனேன். துணியை எடுத்தேன். ஆடிட்டரின் கடிகாரம் முதலில் இருந்தது, அவருடைய ரசீது எண் எழுதிய நூல் கட்டி. அது நின்றிருந்தது நான்கு பத்தில்.

தற்செயலாக இருக்கலாம். பன்னிரண்டு மணி நேரத்தில் எத்தனையோ நிமிடங்கள், ஏதோ ஒன்று பொருந்தியிருக்கலாம். அவர் கையிலிருந்து கழற்றிய பிறகு நின்ற கடிகாரம் எந்த நேரத்தில் நின்றது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். பாயிடம் சொன்னேன். அவர் உதட்டுக்குள் ஏதோ ஓதினார். துணியைத் திரும்பப் போட்டார்.

இதற்கிடையில் கம்பெனியின் மொத்த விநியோகஸ்தருக்குப் பேனர் விஷயம் எட்டிவிட்டது. சென்னையிலிருந்து அவரே வந்துவிட்டார். முதலாளி அறையில் அவர் கத்தியது வாசல் வரை கேட்டது.

"நான் விக்கிறது வாட்ச்னு நினைச்சீங்களா? விலையை நான் விக்கிறேன்! நீங்க அஞ்சு வாட்சை விக்கறதுக்கு ஏற்கனவே வாங்கினவன் கையிலிருந்த விலையைத் திருடிட்டீங்க. இனிமே புதுசா எவன் வாங்குவான்?"

மருமகன் அதன் பிறகு கடைக்கு வருவது குறைந்தது. ஆனால் விநியோகஸ்தர் சரக்கைப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. வேறொரு வழி சொன்னார். ஐந்தில் நான்கை எடுத்து அலமாரிக்குள் பூட்டச் சொன்னார். ஒன்றை மட்டும் உள்ளறையில், வெளியிலிருந்து தெரியாத மூலையில், தனி விளக்குக்குக் கீழே வைக்கச் சொன்னார். விலைச் சீட்டு வேண்டாம், கேட்பவருக்கு மட்டும் மெதுவான குரலில் சொன்னால் போதும். கம்பெனி ஐப்பசியில் விலையை ஏற்றப் போகிறது, மூன்று லட்சத்து இருபதாயிரம்.

"மூணு இருபதா?" என்று முதலாளி எழுந்துவிட்டார். "ஒண்ணு முப்பத்துமூணுக்கே போகல சார்!"

"அதனாலதான் போகல" என்றார் அவர்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு விலை ஏறியது. விளம்பரம் கிடையாது. முதலாளி தன் நண்பர்கள் இருவரிடம் மட்டும், "ஊருக்கே இனி ஒண்ணுதான், அதுவும் யாருக்குக் கொடுக்கறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன்" என்று சொல்லி வைத்தார். மூன்றாம் நாள், தஞ்சாவூர் ரோட்டு டாக்டர் வந்தார். ஒரு லட்சத்து முப்பத்துமூன்றாயிரத்துக்கு வேண்டாம் என்று போனை வைத்த அதே டாக்டர். விலையைச் சொன்னேன். கண் இமைக்காமல் கேட்டார். வாங்கினார். பெட்டியைக் கட்டிக்கொண்டே, மனசு அடங்காமல் கேட்டேன்.

"அப்பவே எடுத்திருந்தா பாதிக்கும் கம்மியா கிடைச்சிருக்குமே சார்?"

"அப்ப எடுத்திருந்தா தள்ளுபடியில எடுத்தவன்னு ஆயிருப்பேன்மா" என்றார், இது கூடத் தெரியாதா என்பது போல. அலமாரியிலிருந்து இரண்டாவது வெளியே வந்தது. அதுவும் போனது. தீபாவளிக்குள் ஐந்தும் போய், இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

நாங்கள் யாருக்கும் போன் செய்யவில்லை. ஆனால் டிராயரில் கிடந்த கடிகாரங்களின் சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் ரைஸ் மில்காரர். ரசீதை நீட்டினார். பாய் டிராயரைத் திறந்து, நூலை அவிழ்த்து, தட்டில் வைத்துக் கொடுத்தார். கடிகாரம் நின்றபடியே இருந்தது. பாய் அதை முறுக்கவில்லை, நேரம் திருத்தவில்லை. வினாடி முள் எட்டாவது கோட்டில் அசையாமல் நின்றதை நான் பார்த்தேன். அவர் அதை இரண்டு விரலால் மெல்ல எடுத்துக் காதருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். முகம் மலர்ந்தது.

"ஆங், இப்ப சரியா ஓடுதுங்க. நல்லா ரிப்பேர் பண்ணியிருக்கீங்க."

பாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கட்டிக்கொண்டு கையை வீசி நடந்தபோதுதான் அது ஓடவே ஆரம்பித்திருக்கும். ரிப்பேர் கூலி எவ்வளவு என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றார் பாய்.

ஆறு பேரும் அப்படியே வந்தார்கள், நின்ற கடிகாரத்தைக் கேட்டார்கள், ஓடுகிறது என்றார்கள், போனார்கள். கடைசியில் ஆடிட்டர். சட்டையில் இரண்டு கையும் மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்போ என்ன விலை சொல்றேள்?"

"மூணு இருபது சார்."

"இன்னொரு தரம் சொல்லுங்கோ."

"மூணு லட்சத்து இருபதாயிரம் சார்."

கண்ணில் நீர் தளும்பியது. நான் வைத்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். பாய் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். ஆடிட்டர் அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, அந்த வெளுத்த வட்டத்தின் மேல், ஒரு மயிரிழை விலகாமல் பொருத்திக் கட்டினார். இடது கைச் சட்டையை ஒரு மடிப்பு ஏற்றினார். எழுந்து கதவு வரை போனவர் திரும்பினார். குரலைத் தாழ்த்தி, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

"இந்த மூணு மாசமா நான் எங்கே இருந்தேன்? உங்களுக்கு ஏதாவது தெரியுமோ?"

"இங்கதான் சார், ஸ்ரீரங்கத்துலதான் இருந்தீங்க. கல்யாணத்துல பாத்தேனே."

"அப்படியா?" என்றார். "எனக்கு நினைவில்லையே." போய்விட்டார்.

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அன்று காலைதான் நாத்தனார் போன் செய்து, "மூணு லட்சமாமே அண்ணி! ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டிருந்தாள். பாலம் வந்தது. கை தானாகக் காதருகே போனது. கடிகாரம் துள்ளி ஓடியது. சின்னப் பிள்ளை மாடிப்படியில் ஓடி இறங்குவது போல அத்தனை சுறுசுறுப்பு. உடம்பு முழுவதும் ஒரு நிம்மதி பரவியது. என்னைக் கடையிலிருந்து விரட்டியது அந்த நிம்மதிதான். பயத்தைத் தாங்கிக்கொண்டு இன்னும் ஒன்பது வருடம் வேலை பார்த்திருப்பேன். அந்த நிம்மதி என்னுடையதில்லை, எங்கோ ஒரு அறையில் யாரோ ஒருவர் எழுதிய ஓர் எண்ணிலிருந்து வந்தது. நாளைக்கு அவர் அதை அடித்துவிட்டால் நானும் தூணுக்குப் பின்னால் போய் உட்காருவேன்.

மறுநாள் கடிகாரத்தைக் கழற்றி முதலாளி மேசையில் வைத்தேன். வேலையை விடுகிறேன் என்றேன். சம்பளம் கூட்டித் தருவதாகச் சொன்னார். உடம்பு முடியவில்லை என்று சொல்லி வந்துவிட்டேன். மணிக்கட்டில் இருந்த வெளுப்பு மறைய அடுத்த சித்திரை வெயில் வரை ஆனது. அதுவரை வளையலை அந்த இடத்தில் தள்ளி விட்டுக்கொள்வேன்.

இப்போது ராஜகோபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டோக்கன் கொடுக்கும் வேலை. சுவரில் பெரிய கடிகாரம் இருக்கிறது, எல்லோருக்கும் பொதுவாக. போன மாதம் பாய் சர்க்கரை பார்க்க வந்தார். மெலிந்திருந்தார், ஆனால் இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறார். விலை நான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டதாம். காத்திருப்போர் பட்டியலில் பதினோரு பேர்.

"அதுல ஒருத்தர் வாராவாரம் போன் பண்றாரும்மா" என்றார், பஞ்சை ஊசி குத்திய இடத்தில் அழுத்திக்கொண்டு.

"எப்ப வரும்னு கேக்குறாரா?"

"அதைக் கேக்க மாட்டாரு. 'விலை இறங்கிடாதுல்ல பாய்?' அதுதான் கேப்பாரு. இறங்காதுன்னு சொன்னா வச்சிடுவாரு."

அடுத்த டோக்கனைக் கூப்பிட வேண்டியிருந்தது. பாய் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, ரிசல்ட் சாயங்காலம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் புறப்பட்டார்.